ஒரு ஜேடி, இரண்டு கையெழுத்து

வேலை விளம்பரத்தோடு வரும் வேலை விவரக் குறிப்பை எங்கள் வட்டாரத்தில் யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஜேடி என்றால் போதும். புனேயில் பிம்ப்ரி-சிஞ்ச்வட், போசரி, சாக்கண் என்று விரியும் வாகனத் தொழில் பகுதியில் தரத்துறை வேலையிலேயே என் காலம் கழிந்தது. அந்த ஆண்டுகளில் ஜேடி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்கும் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நிக்டியில் என் வீட்டுக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளோடு அமர்ந்து, அவர்கள் கொண்டுவரும் ஜேடியை வரி வரியாகப் படிக்கிறேன். கோயம்புத்தூர், ஓசூர், திருச்சி என்று பல ஊர்களிலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவர்கள் அவர்கள்.

ஒரு ஜேடி எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் படிக்கத் தெரியும். துறையில் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார், அல்லது புது வாடிக்கையாளர் வருகிறார். துறை மேனேஜர் ஆள் வேண்டும் என்று ஹெச்ஆருக்கு எழுதுகிறார். ஹெச்ஆர் பழைய ஜேடி ஒன்றை எடுத்து, தேதியை மாற்றி, ‘இதில் ஏதாவது சேர்க்க வேண்டுமா?’ என்று மேனேஜருக்கு அனுப்புகிறது. மேனேஜருக்கு நேரம் இருக்காது. இருந்தாலும் அந்த மாதம் அவர் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம் எதுவோ, அதைப் பற்றி இரண்டு மூன்று வரிகளை அவரே எழுதிச் சேர்ப்பார். மற்றதைத் தொடமாட்டார். இப்படித்தான் ஒரே தாளில் இரண்டு பேரின் கையெழுத்து வந்து சேர்கிறது.

இரண்டையும் பிரிப்பது கடினமில்லை. ஒரு வரியை அப்படியே எடுத்து, வேறொரு தொழில் செய்யும் கம்பெனியின் ஜேடியில் ஒட்டிப் பாருங்கள். ‘குழுவோடு இணைந்து செயல்படும் திறன்’, ‘சிறந்த தகவல் தொடர்பு’, ‘அழுத்தமான சூழலில் பணியாற்றத் தயார்’ போன்றவை வங்கிக்கும் பொருந்தும், மருந்துக் கம்பெனிக்கும் பொருந்தும். அவை ஹெச்ஆரின் கை. ஒரு பாகத்தின் பெயர், ஒரு குறையின் பெயர், ஒரு ஊரின் பெயர், வழக்கத்துக்கு மாறான ஒரு வினைச்சொல் வந்து, அந்த வரி வேறெங்கும் ஒட்டாமல் போனால் அது மேனேஜரின் கை. தொழில்நுட்பச் சுற்றில் கேட்கப்படும் கேள்விகளில் கனமானவை இந்த இரண்டாவது வகை வரிகளிலிருந்துதான் வரும். பெரும்பாலான பிள்ளைகள் ஹெச்ஆரின் வரிகளுக்குப் பதில் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். மேனேஜரின் வரிகளைக் கண் ஓட்டத்தில் தாண்டிவிடுகிறார்கள்.

கேள்வி கேட்பவர் கையில் என்ன இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓரளவு ஒழுங்காக ஆள் எடுக்கும் கம்பெனிகளில் மதிப்பீட்டுத் தாள் ஒன்று தருவார்கள். ஜேடியில் உள்ள தேவைகள் வரிசையாக இடப்பக்கம் இருக்கும், எதிரே மதிப்பெண் இட ஒரு கட்டம் இருக்கும். குழுவில் உள்ளவர்கள் ஆளுக்குச் சில வரிகளைப் பிரித்துக்கொள்வோம். கேள்வியின் வடிவமும் ஏறக்குறைய ஒன்றுதான்: ‘நீங்கள் இப்படி ஒன்றைச் சந்தித்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்.’ இந்த முறைக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானப் படையின் உளவியல் திட்டத்தில் வேலை செய்த ஜான் ஃபிளனகன், ஒருவர் ஒரு வேலையில் உண்மையில் என்ன செய்தார் என்ற சம்பவங்களைத் திரட்டி, அந்த வேலைக்கு என்ன தேவை என்று கண்டுபிடிக்கும் முறையை உருவாக்கி 1954-இல் எழுதினார். சம்பவம் கேட்கும் நேர்முகத் தேர்வுகளுக்கு அந்த வேலையும் ஒரு வேர். ஆகவே ஜேடியின் ஒரு வரியைப் பார்த்தால், ‘இதற்கு நான் எந்தச் சம்பவத்தைச் சொல்வேன்?’ என்ற கேள்வி உடனே எழ வேண்டும். இலக்கணமாக ஒரு விளக்கம் சொல்லத் தெரிவது இங்கே போதாது.

இனி ஒரு ஜேடியை முழுதாகப் பார்ப்போம். கம்பெனியின் பெயர் வேண்டாம், வந்தவரின் பெயரும் வேண்டாம். தம்பி என்றே சொல்கிறேன். ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளை. போசரியில் அலுமினிய வார்ப்பு பாகங்களைக் கடைசல் செய்யும் நடுத்தரக் கம்பெனி ஒன்றில் தரப் பிரிவில் இருந்தார். வார்ப்பு வெளியிலிருந்து வரும். அதைக் கொடுக்கும் சப்ளையரைக் கவனிப்பதும் அவர் வேலையில் ஒரு பங்கு. சாக்கணில் பெரிய கம்பெனி ஒன்றில் சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியர் இடம் வந்திருந்தது.

“அண்ணா, நௌக்ரியில் பார்த்தேன். ஐந்தாறு வரிதான் இருக்கு” என்றார்.

“அது கன்சல்டன்ட் சுருக்கிப் போட்டது. முழு ஜேடியை ஹெச்ஆரிடம் கேட்டு வாங்கு” என்றேன்.

கேட்டார், கொடுத்தார்கள். கேட்டால் கொடுப்பார்கள். கேட்காமல் சுருக்கத்தை வைத்துத் தயாராகிறவர்கள் பாதித் தாளைப் படித்துவிட்டுப் பரீட்சைக்குப் போகிறார்கள்.

முழு ஜேடியில் வழக்கமான வரிகளைத் தள்ளியபின் நின்றவை இவை. முதலாவது, வார்ப்பு மற்றும் கடைசல் பாக சப்ளையர்களின் 8டி அறிக்கைகள் ‘உரிய காலத்தில், பயன் தரும் விதத்தில்’ முடிவதை உறுதிசெய்து, குறை மீண்டும் வராமல் தடுத்தல். இரண்டாவது, புதிய பாகங்களுக்கும் ‘மாற்றம் செய்யப்பட்ட’ பாகங்களுக்கும் பிபேப் ஒப்புதல். மூன்றாவது, விடிஏ 6.3 முறையில் செயல்முறைத் தணிக்கை. சான்றிதழ் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. நான்காவது, கொள்முதல், உற்பத்தித் துறைகளோடு சேர்ந்து ‘லைன் நிற்காமலும் தரம் கெடாமலும்’ பார்த்துக்கொள்ளுதல். ஐந்தாவது, புனே, கோலாப்பூர், கோயம்புத்தூர் சப்ளையர்களிடம் அடிக்கடி பயணம். கடைசியில் ‘வரைபடம் படிக்கத் தெரிய வேண்டும்’ என்று ஒரு சின்ன வரி.

தம்பிக்கு முதலில் கண்ணில் பட்டது விடிஏ 6.3. அது தன்னிடம் இல்லையே என்ற கவலை. நான் அவரை முதல் வரியிலேயே உட்கார வைத்தேன். 8டி என்பது தொழில் தெரிந்தவர்களுக்குப் பழக்கமான அறிக்கை. ஃபோர்டு கம்பெனி 1980-களில் பரப்பியது. குழு அமைப்பது, குறையை விவரிப்பது, உடனடித் தடுப்பு, மூல காரணம், நிரந்தர நடவடிக்கை, அதைச் செயல்படுத்துவது, மீண்டும் வராமல் தடுப்பது, குழுவுக்கு நன்றி சொல்லி முடிப்பது என்று எட்டுப் படிகள். சப்ளையர் குவாலிட்டி ஜேடி எதிலும் அது இருக்கும். ஆனால் சாதாரண ஜேடியில் ‘8டி தெரிந்திருக்க வேண்டும்’ என்றுதான் எழுதியிருப்பார்கள். இதில் ‘உரிய காலத்தில்’, ‘பயன் தரும் விதத்தில்’, ‘மீண்டும் வராமல்’ என்று ஒரே வரியில் மூன்று அழுத்தம். எழுதியவருக்கு அங்கே வலிக்கிறது. அவருடைய சப்ளையர்கள் அறிக்கையைத் தாமதமாகத் தருகிறார்கள், தாளில் முடிக்கிறார்கள், அதே குறை திரும்பி வருகிறது. அப்படியானால் அவர் என்ன கேட்பார்? ‘8டி படிகளைச் சொல்லுங்கள்’ என்று கேட்க மாட்டார். ‘சப்ளையர் கொடுத்த 8டியை நீங்கள் திருப்பி அனுப்பிய சம்பவம் உண்டா? ஏன் அனுப்பினீர்கள்? நீங்கள் கண்டதுதான் மூல காரணம் என்று எப்படி உறுதி செய்தீர்கள்? மூன்று மாதம் கழித்து என்ன ஆனது?’ இந்த நான்கையும் எழுதி வைக்கச் சொன்னேன்.

“திருப்பி அனுப்பினேனே” என்றார் தம்பி. “கியர் ஹவுசிங், கசிவு கேஸ்.”

“ஆரம்பத்திலிருந்து சொல்லு” என்றேன். அவர் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே தருகிறேன். ஒரு ஜேடி வரிக்கு ஒரு சம்பவத்தைப் பொருத்துவது எப்படி என்பது இதில்தான் தெரியும்.

அலுமினியத்தை அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்தி வார்த்த ஹவுசிங் அது. அதற்குள் எண்ணெய் நிற்கும், ஆகவே கசியக் கூடாது. வார்ப்பு சப்ளையர் முதல் கடைசலையும் முடித்து, காற்றழுத்தச் சோதனை செய்து அனுப்புகிறார். இருந்தும் வாடிக்கையாளரின் அசெம்பிளி லைனில் சில ஹவுசிங்குகள் கசிவுச் சோதனையில் விழுகின்றன. சப்ளையரின் முதல் 8டி வந்தது: மூல காரணம் ஆபரேட்டரின் கவனக்குறைவு, நடவடிக்கை மறுபயிற்சி. எங்கள் தொழிலில் இந்த இரண்டு சொற்களையும் ஒன்றாகப் பார்த்தால், விசாரணை நடக்கவே இல்லை என்று கொள்ளலாம். தம்பி அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார். கசிவு ஏன் உண்டானது? உண்டான கசிவு சப்ளையரின் சோதனையில் ஏன் பிடிபடவில்லை?

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை கிடைத்தது. சப்ளையரிடம் பாகம் கழுவும் மெஷினிலிருந்து வெளியே வந்ததும் நேரே கசிவுச் சோதனைக்குப் போகிறது. ஈரம் காயவில்லை. நுண்துளைகளில் தண்ணீர் நின்று அடைத்துக்கொள்கிறது, காற்று வெளியேறவில்லை, பாகம் பாஸ் ஆகிறது. லாரியில் வந்து, மீதிக் கடைசல் முடிந்து, வாடிக்கையாளரை அடைவதற்குள் காய்ந்துவிடுகிறது. அங்கே கசிகிறது. தம்பி இதை ஊகமாக விடவில்லை. விழுந்த பாகங்களை எடுத்து, காய்ந்த நிலையில் சோதித்தார்: கசிந்தன. அதே பாகங்களை நனைத்து உடனே சோதித்தார்: பாஸ். மறுபடி காயவைத்தார்: கசிந்தன. காரணத்தை வைத்தால் குறை வருகிறது, எடுத்தால் போகிறது. மூல காரணத்தை உறுதி செய்ய இதைவிட நல்ல வழி கிடையாது.

முதல் கேள்விக்கு விடை தேட நாள் பிடித்தது. அழுத்த வார்ப்பில் பாகத்தின் மேல்தோல் அடர்த்தியாக இருக்கும். அச்சைத் தொட்டவுடன் உறைவதால் வருவது அது. உள்ளே போகப் போக வாயு சிக்கிய நுண்துளைகள் அதிகம். கடைசலில் கொஞ்சமாக எடுத்தால் தோல் ஓரளவு மிஞ்சும். கூட எடுத்தால் துளைகள் திறந்துகொள்ளும். கசிந்த பாகங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் கசிந்தன. அந்தப் பக்கம் சப்ளையரின் முதல் கடைசலில் வழக்கத்தைவிடக் கூடுதலாக உலோகம் போயிருந்தது. ஏன் என்று பார்த்தால், தேய்ந்துபோன அச்சுச் செருகு ஒன்றைச் சப்ளையர் மாற்றியிருக்கிறார். புதுச் செருகில் வார்ப்பின் ஆதாரப் புள்ளி சற்று நகர்ந்துவிட்டது. கடைசல் ஃபிக்ஸ்சர் அந்தப் புள்ளியை வைத்துத்தான் பாகத்தைப் பிடிக்கிறது. பிடி நகர, ஒரு பக்கம் குறைவாகவும் மறுபக்கம் கூடுதலாகவும் வெட்டியிருக்கிறது. செருகு மாற்றியதை யாருக்கும் சொல்லவில்லை.

இதைக் கேட்டதும் நான் இரண்டாவது வரியைத் தொட்டுக் காட்டினேன். ‘மாற்றம் செய்யப்பட்ட’ பாகங்களுக்கும் பிபேப் ஒப்புதல் என்று எழுதியிருக்கிறதே, அது ஏன்? பிபேப் என்பது, தொடர் உற்பத்தியில் இந்தப் பாகத்தைச் சரியாகச் செய்ய முடியும் என்பதற்கு சப்ளையர் தரும் சான்றுகளின் தொகுப்பு. பதினெட்டு வகைச் சான்றுகள். அளவு முடிவுகள், பொருள் சோதனை, செயல்முறைத் திறன் ஆய்வு, அளவுக் கருவி ஆய்வு போன்றவை. புதுப் பாகத்துக்கு எல்லோரும் கொடுத்துவிடுவார்கள். அச்சு மாறினால், இடம் மாறினால், பொருள் வாங்கும் இடம் மாறினால் மறுபடி சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் மறுபடி சமர்ப்பிக்க வேண்டும் என்பதைத்தான் மறந்துபோகிறார்கள். சாக்கண் கம்பெனி மேனேஜர் அந்தச் சொல்லைச் சேர்த்ததற்குக் காரணம், சொல்லாமல் செய்த ஏதோ ஒரு மாற்றத்தால் அவர் சூடுபட்டிருக்க வேண்டும். ஆகவே ‘சப்ளையர் சொல்லாமல் செய்த மாற்றத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?’ என்ற கேள்வி வரும்.

“அப்போ இதே கதையை இரண்டுக்கும் சொல்லலாமா அண்ணா?” என்று கேட்டார்.

இந்த இடத்தில் கவனம் வேண்டும். ஒரே சம்பவத்தை இரண்டு கேள்விக்குச் சொன்னால், சுற்று முடிந்து நாங்கள் குறிப்புகளை ஒப்பிடும்போது ‘இவரிடம் ஒரு கதைதான் இருக்கிறது’ என்று ஆகிவிடும். 8டிக்குக் கசிவு வழக்கை முழுதாகச் சொல்லச் சொன்னேன். மாற்றத்தைப் பற்றிய கேள்விக்கு அதை ஒரே வாக்கியத்தில் தொட்டுவிட்டு, அதன்பின் அவர் கொண்டுவந்த நடைமுறையைச் சொல்லச் சொன்னேன். அச்சுப் பராமரிப்புப் பதிவேட்டை மாதந்தோறும் பார்ப்பது, செருகு மாற்றியபின் வரும் முதல் லாட்டில் தனிச்சீட்டு ஒட்டச் சொல்வது, அந்த லாட்டில் வார்ப்பின் கடைசல் மிச்சத்தைப் பல இடங்களில் அளப்பது. ஒன்று சம்பவம், மற்றது அந்தச் சம்பவத்திலிருந்து எழுந்த வழக்கம். அப்படிப் பிரித்தால் இரண்டு வரிக்கும் இரண்டு பதில் ஆகிறது, ஒன்றுக்கொன்று துணையாகவும் நிற்கிறது.

அடுத்து, அவர் அஞ்சிய விடிஏ 6.3. இந்தச் சொல் புனே ஜேடிகளில் இவ்வளவு வருவதற்குக் காரணம் உண்டு. இது ஜெர்மானிய வாகனத் தொழில் சங்கத்தின் தணிக்கை முறை. ஃபோக்ஸ்வாகன் ஆலை சாக்கணில் 2009-இல் திறந்தது. மெர்சிடிஸ் பென்ஸும் சாக்கணில் கார் செய்கிறது. அவர்களுக்குப் பாகம் கொடுப்பவர்களுக்கும், அந்தச் சப்ளையர்களுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் இது வந்து சேர்ந்துவிட்டது. ஜேடியில் ‘ஃபார்மெல்-க்யூ’ என்று கண்டால், அது ஃபோக்ஸ்வாகன் குழுமம் சப்ளையர்களுக்கு வைத்திருக்கும் தர விதித் தொகுப்பு. விளம்பரத்தில் வாடிக்கையாளரின் பெயர் இல்லாவிட்டாலும் யாருக்குப் பாகம் போகிறது என்று தெரிந்துவிடும். ‘க்யூ-1’ என்றால் ஃபோர்டு. இப்படி ஒரு சொல்லைப் பிடித்து வாடிக்கையாளரைக் கண்டுபிடித்தால், எந்த வகைக் கண்டிப்பு வரும் என்பதையும் ஊகிக்கலாம்.

ஆனால் ஜேடி ‘முன்னுரிமை’ என்று சொன்னதே தவிர ‘கட்டாயம்’ என்று சொல்லவில்லை. தம்பியிடம் சான்றிதழ் இல்லை. இல்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். அதோடு நிறுத்தாமல், இருப்பதில் அருகில் உள்ளதைக் காட்ட வேண்டும். அவர் தன் கம்பெனியின் சொந்தப் பட்டியலை வைத்து சப்ளையர்களின் செயல்முறையைத் தணிக்கை செய்திருக்கிறார். விடிஏ 6.3-இல் உற்பத்தியை ஆராயும் பகுதி பி6. உள்ளே வரும் பொருள், செயல்முறை, ஆட்கள், கருவிகள், வெளியே போகும் பாகம் என்றுதான் அதுவும் நகரும். ஒவ்வொரு கேள்விக்கும் 0, 4, 6, 8, 10 என்று மதிப்பெண்; மொத்தம் 90 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் ஏ, 80-க்குக் கீழே போனால் சி. அவர் செய்த தணிக்கை ஒன்றை எடுத்து, இந்த வரிசையில் அடுக்கி, எந்த இடத்தில் எத்தனை கொடுத்திருப்பார் என்று உட்கார்ந்து போட்டுப் பார்க்க வைத்தேன். கசிவு வழக்கின் சப்ளையருக்கு, ஈரத்தோடு சோதித்ததற்கு அவர் எத்தனை போடுவார்? நான்கு என்றார். ஏன் பூஜ்யம் கூடாது என்று கேட்டேன். வாதாடினார். அந்த வாதாட்டம்தான் நேர்முகத் தேர்வில் வேண்டும். சான்றிதழ் இல்லாதவர் தணிக்கைக் கண்ணோடு பேசினால், பயிற்சிக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று குழு நினைக்கும். சான்றிதழைக் காட்டிவிட்டு, சப்ளையர் இடத்தில் நின்று எதைப் பார்ப்பார் என்று சொல்லத் தெரியாதவர்களை நான் வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன்.

நான்காவது வரி, லைன் நிற்காமலும் தரம் கெடாமலும் என்பது, பார்க்க ஹெச்ஆர் வரி மாதிரி இருக்கும். அப்படி இல்லை. ஒன்றோடொன்று மோதுகிற இரண்டு ஆசைகள் ஒரே வரியில் வந்தால், அந்தக் கம்பெனியில் அந்த மோதல் நடந்துகொண்டிருக்கிறது. கேள்வி இப்படித்தான் வரும்: ‘சந்தேகத்துக்குரிய லாட் கேட்டில் நிற்கிறது. இரண்டு மணி நேரத்தில் லைன் நின்றுவிடும். உற்பத்தி மேனேஜர் உங்களைத் தொலைபேசியில் அழைக்கிறார். என்ன செய்வீர்கள்?’ ‘தரத்தில் சமரசம் கிடையாது’ என்று வீரமாகச் சொல்பவர்கள் இங்கே தோற்கிறார்கள். ‘உற்பத்தியோடு ஒத்துழைப்பேன்’ என்பவர்களும் தோற்கிறார்கள். எதிர்பார்ப்பது படிகளை. குறை பாதுகாப்பைத் தொடுகிறதா என்று முதலில் கேட்க வேண்டும். தொட்டால் லைன் நிற்கட்டும். தொடாவிட்டால், பிரித்தெடுக்க முடியுமா, எந்த அளவுகோலில், யார், எங்கே உட்கார்ந்து பிரிப்பார்கள் என்று பார்க்க வேண்டும். பிரித்தெடுத்ததில் முதல் பெட்டியை லைனுக்கு அனுப்பிவிட்டு மற்றதைத் தொடரலாம். பிரித்த பாகத்துக்கு அடையாளம் இட வேண்டும். விலக்கு ஒப்புதல் வாங்கினால் எண்ணிக்கையும் தேதியும் அதில் இருக்க வேண்டும். செலவு யாருடையது என்பதைக் கொள்முதல் துறையிடம் அப்போதே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். தம்பிக்கு இப்படி ஒரு இரவு நேர்ந்திருந்தது. அதைச் சொல்லும்போது ‘நாங்கள் செய்தோம்’ என்றே சொல்லிக்கொண்டு போனார். ஒவ்வொரு ‘நாங்கள்’ வரும்போதும் நிறுத்தி, அதில் அவர் செய்தது எது என்று கேட்டேன். மதிப்பெண் இடும் கட்டம் ஒருவருக்கு உரியது. எதிரில் இருப்பவர் என்ன செய்தார் என்று தெரியாமல் அதை நிரப்ப முடியாது.

ஐந்தாவது வரியில் இருந்த ஊர்ப் பெயர்களைத் தம்பி கவனிக்கவே இல்லை. கோலாப்பூர் இரும்பு வார்ப்புக்குப் பேர் போன ஊர். கோயம்புத்தூரும் அப்படித்தான். சாக்கணிலிருந்து கோயம்புத்தூர் சப்ளையரைக் கையாளும் மேனேஜருக்கு, அங்கே உலைக்களத்தில் நிற்பவரிடமும் ஷிஃப்ட் சூப்பர்வைசரிடமும் நேரே பேசத் தெரிந்த ஆள் கிடைத்தால் பெரிய உதவி. “உனக்குத் தமிழ் தெரியும் என்பதை ஹெச்ஆர் படிவத்தில் மொழிகள் கட்டத்தில் மட்டும் போட்டுவிட்டு வராதே. சப்ளையர் இடத்தில் ஆபரேட்டரிடமே பேசி விஷயம் வாங்கிய சம்பவத்தைச் சொல்லிவிட்டு, கோயம்புத்தூரில் எனக்கு மொழித் தடை கிடையாது என்று சேர்” என்றேன். போசரியில் அவர் மராத்தியில் பேசி வேலை வாங்குகிறவர். அதையும் அதே மூச்சில் சொல்லச் சொன்னேன்.

வரைபடம் பற்றிய கடைசி வரி சின்னதுதான், ஆனால் எங்கள் பகுதியில் அந்தச் சொல் ஜேடியின் எந்த மூலையில் இருந்தாலும் மேசைமேல் ஒரு வரைபடம் வந்துவிடும். அதற்குச் சம்பவம் உதவாது, கைப்பழக்கம் வேண்டும். வார்ப்பு வரைபடத்தில் ஆதாரத் தளங்கள் எவை, கடைசல் மிச்சம் எங்கே குறித்திருக்கிறது, துளையின் இடவிலகல் சகிப்பு எதைப் பொறுத்து என்று அவருடைய சொந்தப் பாகத்தின் வரைபடத்திலேயே ஒரு மாலை முழுக்கப் பார்த்தோம். தேர்வில் அவருக்கு ஒரு பிராக்கெட்டின் வரைபடத்தைத்தான் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் அவர் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டார். இடப்பக்கம் ஜேடியின் சொற்கள் அப்படியே, மாற்றாமல். நடுவில் வரக்கூடிய கேள்வி. வலப்பக்கம் சம்பவத்தின் பெயர், அதில் அவர் செய்தது, அதைக் காட்டும் ஓர் எண் அல்லது ஆவணம். வலப்பக்கம் காலியாக இருக்கும் வரிதான் முக்கியம். அங்கே பொய்யாக ஒன்றை நிரப்பக் கூடாது. அருகில் உள்ள அனுபவம் எது, கற்றுக்கொள்ள எவ்வளவு நாளாகும் என்று எழுத வேண்டும். எண்களில் இன்னொரு எச்சரிக்கை: பழைய கம்பெனியின் வாடிக்கையாளர் பெயர், விலை, ரகசிய அளவுகள் ஆகியவற்றை வெளியே சொல்லக் கூடாது. அதைச் சொல்லும் வேட்பாளர், நாளை எங்கள் விஷயத்தையும் இப்படித்தான் சொல்வார் என்று நாங்கள் குறித்துக்கொள்வோம்.

இந்தப் படிப்பு முறைக்கு எல்லை உண்டு. சில ஜேடிகளை மேனேஜர் தொடவே இல்லை. வருடக்கணக்காக ஹெச்ஆர் கோப்பிலிருந்து அப்படியே வருகின்றன. அதைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. ‘ஐஎஸ்ஓ/டிஎஸ் 16949 அறிவு’ என்று எழுதியிருந்தால் அந்த வரி பழையது. அதன் இடத்துக்கு ஐஏடிஎஃப் 16949 வந்தது 2016-இல். குறைமுறை ஆய்வில் ‘ஆர்பிஎன்’ எண்ணை மட்டும் பேசினாலும் சந்தேகப்படலாம். 2019-இல் வந்த புதிய கையேடு அந்த எண்ணை விட்டுவிட்டு, நடவடிக்கைக்கான முன்னுரிமையை மேல், நடு, கீழ் என்று வகுத்துவிட்டது. இப்படிப்பட்ட ஜேடியின் சொற்களை ஆராய்ந்து கேள்வியை ஊகித்தால், பல ஆண்டுக்கு முன்னால் இருந்த மேனேஜரின் கவலைக்குப் பதில் தயாரிப்பதாக முடியும். அப்போது ஹெச்ஆர் தொலைபேசியில் பேசும்போது இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: இது புது இடமா, யாராவது விட்டுப்போன இடமா? வருகிறவர் முதல் ஆறு மாதத்தில் எதை முடிக்க வேண்டும் என்று துறை எதிர்பார்க்கிறது? இரண்டாவதுக்கு ஹெச்ஆருக்குப் பதில் தெரியாவிட்டால், ‘மேனேஜரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?’ என்று மரியாதையாகக் கேட்கலாம். வருகிற ஒரு வரிப் பதில் அந்தப் பழைய தாள் முழுவதையும்விட மதிப்புள்ளது.

தம்பியிடம் 8டி கேள்வி நாங்கள் எழுதிய வரிசையிலேயே வந்தது. ‘மூல காரணம் என்று எப்படித் தெரியும்?’ என்று கேட்டபோது நனைத்துக் காயவைத்த கதையைச் சொன்னார். கேட்டவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கழுவும் மெஷினுக்கும் சோதனைக்கும் நடுவே இப்போது எத்தனை நிமிடம் விடுகிறீர்கள் என்று கேட்டாராம். அவருடைய சப்ளையர்களில் ஒருவருக்கும் அதே குறை இருந்தது. நாங்கள் எதிர்பார்க்காத கேள்வியும் வந்தது. சப்ளையருக்கு டெபிட் நோட் போட்டுத் தொகையை வசூலித்த அனுபவம் பற்றிக் கேட்டார்கள். ஜேடியில் அதற்குச் சுவடே இல்லை. தெரிந்ததைச் சொன்னார். வேலை கிடைத்தது, இப்போது கோயம்புத்தூருக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்.

உங்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். விண்ணப்பம் அனுப்பும் அன்றே விளம்பரத்தைப் பதிவிறக்கி, முழு ஜேடியையும் கேட்டு வாங்கி, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் போதும் என்று ஆனதும் விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள். அழைப்பு பல வாரம் கழித்து வரும். அப்போது தேடினால் கிடைக்காது.